மிதமான சரிவுக்கு ஒரு கணக்கு: பியர் புட் ஸ்பிரெட்

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் உழவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடுத்த வாரம் விலை எவ்வளவு இறங்கினாலும் கிலோ 20 ரூபாய்க்கு விற்கும் உரிமையை, ஒரு சிறு தொகை கொடுத்து, வியாபாரியிடம் அவர் இன்றே பெறுகிறார். விலை இறங்கினால் உரிமை பயன்படும். ஏறினால் கொடுத்த தொகை மட்டும் போகும். பங்குச் சந்தையில் இவ்வுரிமைக்குப் ‘புட் ஆப்ஷன்’ என்று பெயர்; அதற்குக் கொடுக்கும் தொகை ‘பிரிமியம்’.

சந்தை இறங்கும், ஆனால் அதிகம் இறங்காது என்று எண்ணுபவர் இந்தப் பிரிமியத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஒரு புட்டை வாங்கி, அதே முடிவு நாளுக்குரிய, அதனினும் தாழ்ந்த விலையுள்ள மற்றொரு புட்டை விற்றுவிடுவதே அது. இதுவே பியர் புட் ஸ்பிரெட்.

2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் முடிவு நாளை உதாரணமாகக் கொள்வோம். ஜூன் 3 அன்று நிப்டி குறியீடு 23,263.90-இல் முடிந்தது. அன்று ஒருவர், ஜூன் 6-இல் முடியும் 23,000 புட்டை 150 ரூபாய்க்கு வாங்கி, 22,500 புட்டை 50 ரூபாய்க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். (பிரிமியங்கள் மட்டும் கணக்குக்காக நாம் கொண்டவை.) அவருடைய செலவு 100. நிப்டி 23,000-க்கு மேல் முடிந்தால் இதுவே அதிகபட்ச நட்டம். 23,000-இல் 100-ஐக் கழித்தால் வரும் 22,900, லாபமும் நட்டமும் இல்லாத சமநிலைப் புள்ளி. இரு விலைகளின் வித்தியாசமான 500-இல் செலவைக் கழித்த 400 அதிகபட்ச லாபம். 22,500-க்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் அது கூடாது.

ஜூன் 4 அன்று நிப்டி 21,884.50-க்கு வீழ்ந்தது. தனிப் புட் மட்டும் வைத்திருந்து அன்றே விற்றவருக்கு ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கும். ஸ்பிரெட்காரருக்கு 500-ஐத் தாண்டாது. ஆனால் சந்தை மீண்டு, ஜூன் 6 அன்று 22,821.40-இல் முடிந்தது. அப்போது 23,000 புட்டின் மதிப்பு 178.60, விற்ற புட்டுக்கு மதிப்பில்லை. முடிவுவரை காத்திருந்த ஸ்பிரெட்காரருக்கு லாபம் 78.60, தனிப் புட்காரருக்கு 28.60 மட்டுமே. பெருஞ்சரிவின் லாபத்தைத் துறந்து செலவைக் குறைப்பதே இம்முறையின் சாரம் என்பது இதனால் விளங்கும்.

இவை ஒரு யூனிட்டுக்கான கணக்கு. வணிகம் ‘லாட்’ அளவில் நடப்பதால் லாபமும் நட்டமும் அத்தனை மடங்காகும். தரகும் வரியும் சேர்ந்து சமநிலைப் புள்ளியைச் சற்றுக் கீழே தள்ளும்.

ஓர் எச்சரிக்கை: வாங்கிய புட்டை மட்டும் விற்று லாபம் எடுத்துவிட்டால், விற்ற புட் காப்பின்றி நிற்கும், நட்டத்துக்கிருந்த எல்லையும் போய்விடும். தரகர் கேட்கும் பிணைத் தொகை திடீரென உயர்வதே அதன் அடையாளம். முடிப்பதானால் இரண்டையும் சேர்த்தே முடிக்க வேண்டும்.