இனி உன் கையெழுத்துதான்

அன்புள்ள பாப்பா,

இன்றோடு உனக்குப் பதினெட்டு நிறைகிறது. நீ பிறந்தது சாயங்காலம் என்று அம்மா சொல்லுவாள். சட்டம் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ண வேண்டும், பதினெட்டாவது ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே ஒருவர் மேஜர் ஆகிவிடுகிறார் என்கிறது 1875-ம் ஆண்டின் சட்டம். அதனால் நேற்று நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே, நீ தூங்கிக்கொண்டிருந்தபோதே, நீ மேஜர்.

இதுவரை உனக்காக எல்லா இடத்திலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். நீ போட்டிருந்தாலும் செல்லாது. 1895-ல் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞன், மைனராக இருக்கும்போதே தன் சொத்தை அடமானம் வைத்து ஒரு வட்டிக்காரரிடம் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தான். இருபதாயிரம் ரூபாய்க்கான பத்திரம். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது, கொடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லவும் முடியாது என்று 1903-ல் தீர்ப்பு வந்தது. இன்றுவரை நம் நீதிமன்றங்கள் பின்பற்றுவது அதைத்தான். நேற்று வரை உனக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்தது. இன்று காலையிலிருந்து இல்லை. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் சந்தோஷமான கையெழுத்து. உன் பெயரில் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு இருப்பது உனக்குத் தெரியும், அதன் விவரம் தெரியாது. 2015 ஜனவரியில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியது. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்குத்தான் கணக்கு தொடங்கலாம். அந்த நவம்பரில், உனக்கு எட்டு வயது நிறைந்ததும் தொடங்கினோம். மாதம் ஆயிரம் ரூபாய், ஐந்தாம் தேதிக்குள். தேதி ஏன் முக்கியம் தெரியுமா? ஐந்தாம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருக்கும் மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. ஆறாம் தேதி கட்டினால் அந்த ஆயிரத்துக்கு அந்த மாதம் வட்டி கிடையாது.

தொடங்கியபோது வட்டி 9.2 சதவீதம். நடுவில் 7.6 வரை இறங்கி, இப்போது 8.2. கடந்த மார்ச் 31 வரை நாம் கட்டியது 1,13,000 ரூபாய். வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 1,66,000 இருக்கிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஒரு மாதம்கூட விடவில்லை.

இன்றிலிருந்து அந்தக் கணக்கை நடத்த வேண்டியவள் நீ. காப்பாளர் என்ற முறையில் நான் போட்ட கையெழுத்துக்கு வேலை முடிந்தது. உன் ஆவணங்களைக் கொடுத்து, உன் மாதிரிக் கையெழுத்தைப் பதிய வேண்டும். பணத்தை நான் தொடர்ந்து கட்டுகிறேன். தொடங்கியதிலிருந்து பதினைந்து வருடம், அதாவது 2030 வரை கட்டலாம். அதன் பிறகு கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஏறும். முதிர்வு இருபத்தோராம் வருடம், 2036-ல். அப்போது உனக்கு இருபத்தொன்பது. உனக்கு இருபத்தொன்று ஆகும்போது பணம் வரும் என்று பாட்டி உட்பட எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இருபத்தொன்று கணக்கின் வயது, உன் வயது இல்லை.

நடுவில் எடுக்க இரண்டு வழி. ஒன்று படிப்பு. விண்ணப்பிக்கும் நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31-ல் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். இன்றைய கணக்கில் அது 83,000. கல்லூரியில் இடம் கிடைத்ததற்கான கடிதமோ கட்டண ரசீதோ காட்ட வேண்டும், அதில் உள்ள தொகைக்கு மேல் தர மாட்டார்கள். ஒரே தடவையாகவும் வாங்கலாம், வருடத்துக்கு ஒரு முறை என்று ஐந்து வருடம் வரை பிரித்தும் வாங்கலாம். மார்ச்சில் விண்ணப்பிப்பதைவிட ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்தால், புதிதாக ஏறிய வட்டியும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

இரண்டாவது வழி கல்யாணம். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்பு வரை, முழுக் கணக்கையும் முடித்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் இதை ‘கல்யாணப் பணம்’ என்றே சொல்லுவார்கள். நானும் அம்மாவும் அப்படி நினைத்து ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. நீ படிக்கப் பாதியை எடு. மீதி 2036 வரை இருக்கட்டும். அப்போது அந்தப் பணம் உனக்கு எதற்கு என்பதை நீ முடிவு செய். கல்யாணத்துக்காக அதை உடைக்கச் சொல்லி யார் கேட்டாலும், அது நானாகவே இருந்தாலும், கையெழுத்துப் போடாதே.

இனி, நான் பயப்படும் கையெழுத்துகள்.

ஜாமீன் கையெழுத்து முதலாவது. ‘சும்மா ஒரு கையெழுத்துதான், கடனை நான் கட்டிவிடுவேன்’ என்று சிநேகிதி கேட்பாள், மாமா கேட்பார். நம் ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. முதலில் கடன்காரரைத் துரத்திவிட்டு, கிடைக்காவிட்டால்தான் உன்னிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. 1969-ல் பீகார் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஜாமீன் போடுமுன் ஒரே கேள்வி: இந்த முழுப் பணத்தையும் நானே கட்ட முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும், முடியாதுதான்.

இரண்டாவது, உன் வங்கிக் கணக்கை இரவல் தருவது. கல்லூரிப் பிள்ளைகளிடம் இது இப்போது நிறைய நடக்கிறது. ‘உன் கணக்குக்கு ஒரு பணம் வரும், எடுத்துக் கொடு, இரண்டாயிரம் உனக்கு’ என்பார்கள். ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். யாரோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம் அது. போலீஸ் பணத்தின் தடம் பிடித்து வரும்போது முதலில் அகப்படுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். கணக்கு முடங்கும், வழக்கு வரும். எனக்குத் தெரியாது என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அதை நிரூபிக்க நீதான் அலைய வேண்டும். கார்டு, கடவுச்சொல், ஓடிபி எதையும் யாருக்கும் தராதே. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் அதே அளவு ஆபத்து.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6. வருகிற ஜனவரி 1-ஐத் தகுதி நாளாக வைத்து நீ விண்ணப்பிக்கலாம். 1989 வரை இந்த உரிமைக்கு இருபத்தொரு வயது ஆக வேண்டியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறேன். ஆனால் யாருக்குப் போட வேண்டும் என்று இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேட்க மாட்டோம்.

நாளை காலை பத்து மணிக்கு அஞ்சலகம் திறந்ததும் போவோம். பாஸ்புத்தகம், ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படம் எடுத்து வை. மைனராக இருந்தபோது வாங்கிய உன் பான் அட்டையில் படமோ கையெழுத்தோ கிடையாது, அதை மாற்றவும் விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் கையெழுத்தைப் பதியப் போகிறாய் என்று இன்று ராத்திரியே முடிவு செய்துகொள். அவசரமாகக் கிறுக்காதே, முழுப் பெயரையும் எழுது. இனி எல்லா இடத்திலும் அதே கையெழுத்தைத்தான் கேட்பார்கள்.

அப்பா