நல்ல ஆளைக் கம்ப்யூட்டர் தள்ளிவிடாமல் இருக்க...

பெங்களூரை அடுத்த பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு பேர் வேலை செய்கிறார்கள். கணக்குப் பிரிவுக்கு ஓர் உதவியாளர் தேவை என்று இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறார்கள். நான்கே நாளில் 240 விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. மானேஜர் ஒருவர்தான், அவருக்கோ தலைக்கு மேல் வேலை. அத்தனையையும் உட்கார்ந்து படிக்க அவரால் ஆகிற காரியமா?

இதற்காகவே விண்ணப்பங்களை வாங்கி, வரிசைப்படுத்தி, பதில் அனுப்பும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஏ.டி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ஸோஹோ ரெக்ரூட் உட்பட இந்த வகையில் பல உண்டு. பெரிய கம்பெனிகள் மட்டும் வைத்திருந்த காலம் போய், சிறு தொழில் நடத்தும் நம்மவர்களும் இப்போது மாதச் சந்தா கட்டி வாங்குகிறார்கள்.

வாங்கிய உடனே எல்லோரும் கை வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் ‘நாக்-அவுட்’ கேள்வி. குத்துச்சண்டையில் ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பார்களே, அதே பெயர், அதே வேலை. விண்ணப்பிப்பவர் ஒரு கேள்விக்கு நாம் விரும்பாத பதிலைக் கொடுத்தால் போதும். மற்ற விவரங்களை யாரும் பார்ப்பதில்லை. ‘வருந்துகிறோம்’ என்று ஒரு மெயில் தானாகவே போய்விடும்.

ஓசூர்ப் பெண்ணின் கதி

நம் தொழிற்சாலை மானேஜர் ஐந்து நாக்-அவுட் கேள்விகள் வைக்கிறார். மூன்று வருட அனுபவம் உண்டா? பி.காம். பட்டம் உண்டா? பெங்களூரில் குடியிருக்கிறீர்களா? எதிர்பார்க்கும் சம்பளம் 25,000 ரூபாய்க்குள் இருக்கிறதா? வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா? பார்த்தால் எல்லாமே நியாயமாகத்தான் தோன்றுகிறது.

ஓசூரிலிருந்து ஒரு பெண் விண்ணப்பிக்கிறார். படிப்பு பி.பி.ஏ. அங்கே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 2 வருடம் 8 மாதம் வேலை செய்தவர். இருபது கடைகளுக்கு மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி படிவத்தைத் தானே தயாரித்துத் தாக்கல் செய்திருக்கிறார். குழந்தை பிறந்ததால் எட்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டு இப்போது வேலை தேடுகிறார்.

ஐந்தில் நான்கு கேள்விகளில் அவர் விழுந்துவிட்டார்! அனுபவம் நான்கு மாதம் குறைவு. பட்டத்தின் பெயர் வேறு. குடியிருப்பது மாநில எல்லைக்கு அந்தப் பக்கம். இடைவெளியோ எட்டு மாதம். ஆனால் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகப் பொம்மசந்திரா வருவது, பெங்களூரின் வடக்கே எலகங்காவிலிருந்து வருவதைவிட எவ்வளவோ சுலபம் என்பது இந்தச் சாலையில் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். எலகங்காக்காரர் ‘ஆம், பெங்களூர்தான்’ என்று எழுதி உள்ளே வந்துவிடுவார்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் நிறுவனங்களை விசாரித்து, ஹார்வர்டு வணிகப் பள்ளியும் ஆக்சென்சர் நிறுவனமும் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஏறக்குறையப் பாதி நிறுவனங்கள் ஆறு மாத இடைவெளி உள்ளவர்களை மென்பொருள் மூலமாகவே தள்ளிவிடுவதாக அதில் தெரிந்தது. தகுதியுள்ள ஆட்களும் இப்படி வடிகட்டப்பட்டு வெளியே போய்விடுகிறார்கள் என்பதை 88 சதவீத நிர்வாகிகள் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். தெரிந்தேதான் நடக்கிறது!

எதை நாக்-அவுட் ஆக்கலாம்?

இதற்கு ஒரு சோதனை உண்டு. ‘மற்ற எல்லாவற்றிலும் இந்த நகரத்திலேயே சிறந்த ஆள் இவர்தான், ஆனால் இந்த ஒன்று மட்டும் இல்லை. அப்போதும் வேண்டாம் என்பேனா?’ என்று மானேஜர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘வேண்டாம்’ என்று தயங்காமல் சொல்ல முடிந்தால் அது நாக்-அவுட். ‘பேசிப் பார்க்கலாம்’ என்று தோன்றினால் அல்ல.

இந்தச் சோதனையில் நம் ஐந்து கேள்விகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. நிற்பவை வேறு இரண்டு. பதினெட்டு வயது நிரம்பியவரா? வாரம் ஆறு நாளும் காலை 9 மணிக்குப் பொம்மசந்திரா தொழிற்சாலைக்கு நேரில் வர முடியுமா? எங்கே குடியிருக்கிறார் என்பது நமக்கு எதற்கு? வந்து சேர முடியுமா என்பதுதானே நமக்கு வேண்டியது?

லாரி டிரைவர் வேலைக்குக் கனரக வாகன லைசென்ஸ் கேட்பது சரியான நாக்-அவுட். ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கும்போது நர்சிங் கவுன்சில் பதிவு கேட்பதும் சரியே. ஆனால் ‘கர்நாடகக் கவுன்சிலில் பதிவு செய்திருக்கிறீர்களா?’ என்று மட்டும் கேட்டால், தமிழ்நாட்டில் படித்துப் பதிவு செய்த நர்ஸ் ‘இல்லை’ என்று உண்மையைச் சொல்லி வெளியே போய்விடுவார். பதிவை இன்னொரு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ‘பதிவு உண்டா, எந்த மாநிலத்தில்?’ என்று கேட்டிருந்தால் அந்த ஆள் கிடைத்திருப்பார்.

கேள்வியின் வாசகமே கெடுக்கும்

கேட்க வேண்டியதையே கேட்டாலும் வாசகம் கோணலாக இருந்தால் கதை கெட்டுவிடும். ‘இரவு ஷிப்டில் வேலை செய்ய ஆட்சேபம் உண்டா?’ என்று கேட்டு, ‘ஆம்’ என்றால் உள்ளே, ‘இல்லை’ என்றால் வெளியே என்று அமைத்துவிடுவார்கள். ஆட்சேபம் இல்லாத நல்ல மனிதர் ‘இல்லை’ என்று அழுத்துவார். ஒரு விநாடியில் அவர் கதை முடிந்தது. ‘இரவு ஷிப்டில் வேலை செய்வீர்களா?’ என்று நேராகக் கேட்டால் இந்த வம்பே இல்லை.

சம்பளக் கேள்வி இதைவிட மோசம். மானேஜர் மாதச் சம்பளத்தை மனதில் வைத்து 25,000-க்கு மேல் எழுதியவர்களைத் தள்ளச் சொல்லியிருப்பார். 22,000 ரூபாய் போதும் என்கிற ஒருவர், கம்பெனிகளில் வருடக் கணக்குத்தானே கேட்பார்கள் என்று 2,64,000 எனப் போடுவார். கம்ப்யூட்டருக்கு அது பேராசையாகத் தெரிகிறது. இன்னொருவர் லட்சக் கணக்கில் வெறும் ‘3’ என்று எழுதுவார். அவர் மூன்று ரூபாய்க்கு வேலை செய்ய வந்தவராகத் தேர்ச்சி பெற்றுவிடுவார்! சம்பளத்தை நாக்-அவுட் ஆக்காமல், நாம் கொடுக்கக்கூடியதை விளம்பரத்திலேயே போட்டுவிடுவது மேல். கேட்டே ஆக வேண்டும் என்றால், ‘மாதம், ரூபாயில்’ என்று எழுதி, தேர்ந்தெடுக்க நாலைந்து வரம்புகளைக் கொடுத்துவிடலாம்.

மார்க் போடுவது எப்படி?

நாக்-அவுட்டிலிருந்து எடுத்தவற்றை மார்க் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. அனுபவம் வருடத்துக்குப் பத்து மார்க், பட்டத்துக்கு இருபது என்று போட்டால், ஆறு வருடமாக வவுச்சர் மட்டும் எழுதியவர் முதல் இடத்துக்கு வந்துவிடுவார். வருடத்தை அளப்பது சுலபம் என்பதற்காக அதை அளக்கிறோமே தவிர, வேலை தெரியுமா என்பதை அது சொல்லாது.

அந்த நாற்காலியில் உட்காருபவர் செய்யப்போகும் வேலைக்கு மார்க் கொடுக்க வேண்டும். நம் உதாரணத்தில் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு 40, டாலிக்கு 20, வங்கி ஸ்டேட்மெண்டோடு கணக்கை ஒத்துப்பார்ப்பதற்கு 20, ஆங்கிலக் கடிதத்துக்கு 10, கன்னடத்துக்கு 10, மொத்தம் 100. ஒவ்வொன்றிலும் எதற்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் தானே தாக்கல் செய்தவருக்கு 40, கூட இருந்து உதவியவருக்கு 20, தெரியாதவருக்கு ஒன்றுமில்லை. இப்படி எழுதாவிட்டால் காலையில் ஒரு மார்க்கும் மாலையில் ஒரு மார்க்கும் விழும்.

இந்தக் கணக்கில் ஓசூர்ப் பெண்ணுக்கு ஜி.எஸ்.டி. 40, டாலி 20, வங்கி 10, ஆங்கிலம் 5, கன்னடம் 5, ஆக 80. ஆறு வருட பி.காம். காரருக்கு ஜி.எஸ்.டி. பூஜ்யம், டாலி 20, வங்கி 10, ஆங்கிலம் 10, கன்னடம் 10, ஆக 50. பழைய முறையில் முதலாமவர் வாசலிலேயே நின்றார்; இரண்டாமவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

இந்த மார்க் எல்லாம் அவரவர் சொன்னதை வைத்துத்தான். எனவே இது யாரை முதலில் போனில் கூப்பிடுவது என்ற வரிசைக்கு உதவுமே தவிர, தீர்ப்பு ஆகாது. 60-க்குக் கீழே தானாகவே நிராகரி என்று வைத்தால் 59 வாங்கியவருக்கும் 61 வாங்கியவருக்கும் என்ன வித்தியாசம்? பதில் எழுதாமல் விட்ட இடத்துக்குப் பூஜ்யம் போடாமல், ‘கேட்டுத் தெரிந்துகொள்ளவும்’ என்று குறித்து வைப்பது நியாயம்.

திறக்குமுன் ஒத்திகை

விளம்பரம் வெளியாகும் முன் ஒரு மணி நேரம் செலவிட்டால் பாதிக் கோளாறு தெரிந்துவிடும். உங்களிடம் ஏற்கெனவே நன்றாக வேலை செய்யும் மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்த தகுதியை வைத்து அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவரை அது தள்ளினாலும் கோளாறு படிவத்தில்தான்.

பிறகு முதல் மூன்று நாளைக்கு, தானாக நிராகரிக்கும் வசதியை நிறுத்திவைத்து, தவறிய பதில்களைக் குறித்துக்காட்ட மட்டும் விடுங்கள். எந்தக் கேள்வி எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே கேள்வியில் பாதிப் பேர் விழுகிறார்கள் என்றால் பெரும்பாலும் வாசகம்தான் குற்றவாளி. விளம்பரம் போட்ட இணையதளத்திலேயே தனியாக வடிகட்டும் கேள்விகள் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே விழுந்தவர்கள் நம் கம்ப்யூட்டருக்கே வரமாட்டார்கள்.

நிராகரிப்பை இயக்கிய பிறகும் வேலை தீர்ந்துவிடவில்லை. தள்ளப்பட்டவர்களில் இருபது பேரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து முழுதாகப் படிக்க வேண்டும். கூப்பிட்டுப் பேசத் தகுந்தவர் அதில் ஒருவர் இருந்தால், தள்ளிய 200 பேரில் சுமார் பத்துப் பேர் அப்படி இருக்கக்கூடும் என்று கணக்கு.

ஆண் பெண் கணக்கையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. நூறு ஆண்களில் 60 பேரும், ஐம்பது பெண்களில் 20 பேரும் தேறியதாக வைத்துக்கொள்வோம். ஆண்கள் 60 சதவீதம், பெண்கள் 40 சதவீதம். நாற்பது என்பது அறுபதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது அமெரிக்க அரசு 1978-ல் வகுத்த அளவுகோல். நமக்கு அது சட்டம் அல்ல. ஆனாலும் எந்தக் கேள்வி பெண்களை மட்டும் அதிகமாகத் தள்ளுகிறது என்று தேட நல்ல அடையாளம். இடைவெளிக் கேள்வி பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

கேள்வியைத் திருத்திவிட்டால் ஏற்கெனவே தள்ளப்பட்டவர்கள் தானாகத் திரும்பி வந்துவிடுவார்கள் என்று இருந்துவிடக் கூடாது. பல மென்பொருள்களில் புதிய அமைப்பு இனி வருபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். பழையவர்களை மானேஜரே பட்டியலைத் திறந்து ஒவ்வொருவராக மீட்க வேண்டும். அதற்குள் வருத்த மெயில் போயிருந்தால் சங்கடம். ஆகவே அந்த மெயிலை உடனே அனுப்பாமல் மூன்று நாள் கழித்து அனுப்பும்படி அமைத்துவிடுங்கள். அந்த வசதி பெரும்பாலும் நிராகரிப்பு அமைப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும்.