போனஸ் யாருக்கு என்பதைக் காற்புள்ளி சொல்லும்

ஒரு நிறுவனத்தில் 40 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 25 பேர் 2015-க்கு முன்னால் சேர்ந்தவர்கள், மற்ற 15 பேர் பிறகு வந்தவர்கள். பழைய ஆட்களுக்கு மட்டும் போனஸ் என்று முடிவாகி, ஆங்கிலத்தில் சுற்றறிக்கை தயாராகிறது: 'தி எம்ப்ளாயீஸ் ஹூ ஜாயின்ட் பிஃபோர் 2015 வில் கெட் எ போனஸ்.' காற்புள்ளியே இல்லாத இந்த வாக்கியம் 25 பேரைத்தான் குறிக்கிறது.

தட்டச்சு செய்தவர் 'எம்ப்ளாயீஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒன்றும், '2015'-க்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு காற்புள்ளிகளைச் சேர்த்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. இப்போது வாக்கியத்தின் பொருள்: 'ஊழியர்களுக்கு போனஸ் உண்டு, அவர்கள் எல்லோருமே 2015-க்கு முன் சேர்ந்தவர்கள்தான்.' பின்னால் வந்த 15 பேரும் 'எங்களுக்கும் சேர்த்துத்தானே எழுதியிருக்கிறீர்கள்' என்று கேட்டால், வாக்கியம் அவர்கள் பக்கம்தான் நிற்கும்.

'ஹூ', 'விச்' போன்ற சொற்களில் தொடங்கும் துணைத்தொடர் ஆங்கிலத்தில் இரண்டு வேலைகளைச் செய்யும். ஒன்று, பலரில் இன்னார் என்று பிரித்துக் காட்டுவது. மற்றொன்று, யார் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஒருவரைப் பற்றிக் கூடுதலாக ஒரு செய்தி சொல்வது. பிரித்துக் காட்டும் தொடருக்குக் காற்புள்ளி கிடையாது. கூடுதல் செய்திக்கு இரு பக்கமும் காற்புள்ளி வேண்டும். தொடர் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் முன்னால் ஒன்று போதும்.

இந்த வேறுபாடு தமிழ் இலக்கணத்துக்குப் புதிதல்ல. செந்தாமரை என்றால் வெண்டாமரையிலிருந்து பிரித்துச் சொல்கிறோம். செஞ்ஞாயிறு என்றால் எதிலிருந்தும் பிரிக்கவில்லை, இருப்பது ஒரே ஞாயிறு. முன்னதை இனமுள்ள அடை என்றும் பின்னதை இனமில்லா அடை என்றும் பள்ளியில் படித்திருப்போம். இனம் சுட்டாத அடை பேச்சு வழக்குக்கு உரியதல்ல, செய்யுளுக்கே உரியது என்கிறது தொல்காப்பியம். பிற்காலத்து நன்னூல் அதை இரண்டிலும் ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவு நுட்பமாகப் பார்த்த மொழியில், அதைக் காட்ட ஒரு குறி மட்டும் இல்லை. 'மதுரையில் இருக்கும் என் அண்ணன்' என்கிறோம். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது, நடுவே காற்புள்ளிக்கு இடமில்லை. வேறு அண்ணன் உண்டா என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆங்கிலத்தில் அதே செய்தியை எழுதும்போது அண்ணன்களின் எண்ணிக்கை வெளிப்பட்டுவிடும். 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், வேறு ஊரில் இன்னொரு சகோதரர் இருக்கிறார் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'பிரதர்' பக்கத்தில் காற்புள்ளி விழுந்தால் சகோதரர் ஒருவரே. அப்பா, அம்மா என்றால் குழப்பமே இல்லை. 'மை ஃபாதர்' என்பதற்குப் பின்னால் வரும் 'ஹூ' தொடருக்குக் காற்புள்ளி உண்டு.

சந்தேகம் வந்தால் அந்தத் தொடரை எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படித்துப் பார்க்கலாம். சுற்றறிக்கையில் 'ஹூ ஜாயின்ட் பிஃபோர் 2015' என்பதை நீக்கினால் 40 பேருக்கும் போனஸ் என்றாகிவிடும். சொல்ல வந்ததே மாறுகிறது, ஆகவே அது பிரித்துக் காட்டும் தொடர். வாய்விட்டுப் படித்தாலும் பிடிபடும்: கூடுதல் செய்தி வரும் இடத்தில் குரல் சற்று நின்று, இறங்கி, பிறகு பழைய நிலைக்கு வரும்.

'தட்' என்ற சொல்லும் ஒரு தடயம். இன்றைய ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் பிரித்துக் காட்டும் தொடரில்தான் வரும். பிரித்துக் காட்ட 'தட்', கூடுதல் செய்திக்கு 'விச்' என்று வைத்துக்கொண்டால் தெளிவாக இருக்குமே என்று 1926-இல் வெளிவந்த தம் அகராதியில் ஃபௌலர் பரிந்துரைத்தார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அதை விதியாகவே பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் காற்புள்ளி இல்லாத 'விச்' இன்றும் சாதாரணம். அதனால் 'விச்' வந்தாலே காற்புள்ளி என்று மனப்பாடம் செய்துகொள்வது சரிப்படாது.

அடிக்கடி கண்ணில் படும் பிழை, ஒற்றைக் காற்புள்ளி. 'ஹூ'வுக்கு முன்னால் போட்டுவிட்டு, தொடர் முடியும் இடத்தில் மறந்துவிடுவார்கள். கூடுதல் செய்தி எங்கே முடிகிறது என்று தெரியாமல் படிப்பவர் வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பவேண்டி வரும்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர்களுக்குப் பின்னால் பொதுவாகக் காற்புள்ளி வரும், ஏனென்றால் பெயரே ஆளைக் காட்டிவிடுகிறது. அதற்கும் விலக்கு உண்டு. 'தி மெட்ராஸ் தட் ஐ நியூ' என்று ஒருவர் எழுதினால், தனக்குத் தெரிந்த அந்தக் கால மெட்ராஸை இன்றைய நகரத்திலிருந்து பிரிக்கிறார். அங்கே காற்புள்ளி கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் பிழை திருத்துபவர் இலக்கணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சுற்றறிக்கையைத் திருத்துபவரும் பேனாவை எடுக்குமுன் நிர்வாகத்தைக் கேட்டாக வேண்டும்: போனஸ் 25 பேருக்கா, 40 பேருக்கா?