பென் டிரைவில் புள்ளி வைத்தது யார்?

ரூம்மேட்டோட மேக்ல ஒரு தடவை சொருகிட்டு வந்த பென் டிரைவை ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க. நீங்க வைக்காத ஃபைல் எல்லாம் வரிசையா உட்கார்ந்திருக்கும். `._seminar.pptx`, `.DS_Store`, `.Spotlight-V100`, `.fseventsd`, `.Trashes`... கடைக்கார அண்ணன் ஒரு பார்வை பார்த்துட்டு, "தம்பி, வைரஸ் ஏறிடுச்சு. ஃபார்மட் பண்ணிடவா?" என்பார். தலையாட்டினா போச்சு! நாளைக்குக் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் ரிப்போர்ட்டும் சேர்ந்து காலி.

அவசரப்படாதீங்க மக்களே. அது வைரஸ் இல்லை, மேக் எழுதி வைத்த குறிப்புச் சீட்டு.

நிழல் ஃபைல் எங்கிருந்து வருது?

மேக் தன்னுடைய சொந்த டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபைலோடும் சில துணைத் தகவல்களை ஒட்டி வைத்திருக்கும். இது இன்டர்நெட்டில் இருந்து இறங்கியதா, கலர் டேக் போட்டிருக்கிறதா, தனி ஐகான் உண்டா... இந்த மாதிரி. ஆனால், நாம் கடையில் வாங்கும் பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அந்த முறைகளில் இப்படி ஒட்டி வைக்க இடமே கிடையாது. மேக் அந்தத் தகவலைத் தூக்கிப் போட மனசில்லாமல், பக்கத்திலேயே இன்னொரு சின்ன ஃபைலாக எழுதிவிடுகிறது. பெயர் அதே பெயர்தான், முன்னால் ஒரு புள்ளியும் ஒரு கீழ்க்கோடும் சேரும். இந்த ஏற்பாட்டுக்கு 'ஆப்பிள்டபுள்' என்று பெயர். ஆப்பிள் 1980களின் கடைசியில் தன்னுடைய ஏ/யூஎக்ஸ் என்ற யூனிக்ஸுக்காகப் போட்ட பழைய திட்டம் இது.

மற்றவர்கள் வேறு வேறு வேலைக்காரர்கள். ஒரு ஃபோல்டரில் ஐகான்கள் எங்கே இருக்கணும், எப்படித் தெரியணும் என்று ஃபைண்டர் எழுதி வைப்பது `.DS_Store`. தேடினால் சட்டென்று கிடைக்க ஸ்பாட்லைட் போட்டு வைக்கும் அட்டவணை `.Spotlight-V100`. டிரைவில் என்னென்ன மாறியது என்ற டைரிதான் `.fseventsd`.

புள்ளியில் ஆரம்பிக்கும் பெயர் என்றால் மேக்கும் லினக்ஸும் அதைக் கண்ணில் காட்டாது. விண்டோஸுக்கு அந்தப் பழக்கம் இல்லை. 'மறைந்த ஃபைல்களையும் காட்டு' என்று செட்டிங் போட்டிருந்தால் எல்லாம் மங்கலான ஐகானோடு எட்டிப் பார்க்கும். பல கார் ஸ்டீரியோக்களுக்கும் டி.வி.களுக்கும் மறைப்பு என்பதே தெரியாது. அதனால்தான் நூறு பாட்டு ஏற்றினால் இருநூறு என்று காட்டி, பாதியில் சத்தமே வராமல் தாவும்!

செமினார் ஹாலில் நடப்பது

ஒரு உதாரணம் பார்ப்போம். ஃபோல்டரில் `seminar.pptx` இருக்கு, 12 எம்.பி. பக்கத்தில் `._seminar.pptx`, வெறும் 4 கே.பி. பெயர் வரிசையில் புள்ளிதான் முதலில் நிற்கும். ஹெச்.ஓ.டி. முன்னால் பதற்றத்தில் முதலில் கண்ணில் பட்டதை டபுள் கிளிக் பண்ணினா, திறக்க முடியவில்லை என்று பவர்பாயின்ட் கையை விரிச்சிடும். "ஐயோ, ஃபைல் கரப்ட்!" என்று எல்லோரும் கத்துவார்கள். ஒரிஜினல் ஃபைல் ஒன்றும் ஆகாமல் கீழே சும்மா இருக்கும்.

நிழல்தானா என்று கண்டுபிடிக்க மூணு சோதனை. ஒண்ணு, அதே பெயரில் புள்ளியில்லாத ஜோடி இருக்கணும். ரெண்டு, சைஸ் பெரும்பாலும் சில கே.பி.தான் இருக்கும். மூணு, நோட்பேடில் திறந்தால் கிறுக்கல் எழுத்துகளுக்கு நடுவே ஆரம்பத்திலேயே `Mac OS X` என்று தெரியும். மூன்றும் பொருந்தினால் பயம் வேண்டாம். அதே சமயம், புள்ளி இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் நம்பிவிடக் கூடாது. பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஜோடியே இல்லாத `.exe`, நீங்கள் போடாத ஷார்ட்கட், `autorun.inf` எல்லாம் மேக் விட்டுப்போவதில்லை. அவற்றை ஸ்கேன் பண்ணாமல் தொடாதீர்கள்.

அழிச்சும் இடம் வரலையா?

நிஜமாகவே இடத்தை முழுங்குவது `.Trashes`. 16 ஜி.பி. பென் டிரைவில் இருந்த 4 ஜி.பி. படத்தை மேக்கில் அழிக்கிறீர்கள். படம் கண்ணில் இருந்து மறைந்துவிட்டது, ஆனால் விண்டோஸில் சொருகினால் காலி இடம் ஏறவே இல்லை. ஏன்? படம் அந்த டிரைவுக்குள்ளேயே `.Trashes` ஃபோல்டரில், உங்கள் யூசர் எண் போட்ட உள் ஃபோல்டரில் (மேக்கின் முதல் யூசருக்கு அது 501) படுத்துக் கொண்டிருக்கிறது. பென் டிரைவ் சொருகியிருக்கும்போதே மேக்கில் குப்பைத்தொட்டியைக் காலி பண்ணினால்தான் போகும். இல்லையென்றால் ஃபைலைத் தேர்வு செய்து ஆப்ஷன், கமாண்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குப்பைத்தொட்டிக்குப் போகாமல் நேராக அழிந்துவிடும்.

நிழல் ஃபைல்களும் கொஞ்சம் இடம் பிடிக்கும். விண்டோஸில் எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் பண்ணிய 64 ஜி.பி. டிரைவில் இடம் 128 கே.பி. துண்டுகளாகத்தான் ஒதுக்கப்படும். 4 கே.பி. நிழலுக்கும் ஒரு முழுத் துண்டு போகும். டூர் போட்டோ 2,000 இருந்தால் அதற்கு 2,000 நிழல், கிட்டத்தட்ட 250 எம்.பி. அம்பேல்!

துடைப்பது எப்படி?

மேக்கில் டெர்மினலைத் திறந்து, டிரைவின் பெயர் `PENDRIVE` என்றால் இப்படி அடியுங்கள்:

```
dot_clean -m /Volumes/PENDRIVE
```

`._` ஃபைல்களை இது துடைத்துவிடும். `.DS_Store` மாதிரி மற்றவை அப்படியே இருக்கும். முடிந்ததும் உடனே எஜெக்ட் பண்ணிடுங்க. திரும்பவும் ஃபைண்டரில் மேய்ந்தால் புதுசாக முளைக்கலாம்.

கையில் விண்டோஸ்தான் இருக்கிறதென்றால் கமாண்ட் பிராம்ப்டில் முதலில் அந்த டிரைவுக்குப் போங்கள். `E:` என்று வைத்துக்கொள்வோம்.

```
E:
cd \
dir /s /a ._*
del /s /a ._*
```

`dir` வரி பட்டியலை மட்டும் காட்டும். அதை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் `del` அடியுங்கள். `/a` போடாவிட்டால் மறைந்த ஃபைல்கள் தப்பித்துவிடும்.

அழித்தால் ரிப்போர்ட், பாட்டு, போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. டேக், ஐகான் மாதிரி மேக் சமாசாரங்கள்தான் போகும். ஆனால் விஸ்காம், டிசைன் மாணவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்கணும். பழைய மேக் ஃபான்ட்டுகள் சிலவற்றில் எழுத்து வடிவமே அந்தத் துணைப் பகுதியில்தான் இருக்கும். ஒரிஜினல் 0 பைட், நிழல் மட்டும் கனமாக இருக்கிறதா? அங்கே நிழல்தான் நிஜம், கை வைக்காதீர்கள்!

கடைசியாக ஒண்ணு. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் பண்ணினால் இந்தத் தொல்லையே வராது என்று ஹாஸ்டலில் யாராவது ஐடியா கொடுப்பார்கள். உண்மைதான். ஏனென்றால், தனி சாஃப்ட்வேர் போடாத மேக் அதைப் படிக்கத்தான் செய்யும், ஒரு எழுத்துகூட எழுதாது. உங்க நண்பன் தர வேண்டிய நோட்ஸும் அதில் ஏறாது!