கேபிளின் மூன்றாவது பாதை

மைக்கைப் பிடித்துப் பேசத் தொடங்கியதும் உதட்டில் சுருக்கென்று ஏதோ குத்துகிறது. மேசையிலிருக்கும் கணினியின் மவுஸ் திடீரென்று வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. ஆண்டெனாவுக்குப் போகும் கேபிளைக் கையால் தொட்டால் மீட்டரின் முள் நகர்கிறது. ஹாம் வானொலிக்காரர்கள் பலரும் பார்த்திருக்கும் தொல்லைகள் இவை. ரிக்கில்தான் கோளாறு என்று சிலர் அதைக் கழற்றிப் பார்ப்பார்கள். எர்த் சரியில்லை என்று சிலர் இன்னொரு கம்பியைத் தரையில் அடித்து இறக்குவார்கள். பெரும்பாலும் பழுது இரண்டு இடத்திலும் இருக்காது. மாடியில், ஆண்டெனாவின் நட்டநடுவில், கேபிள் வந்து சேரும் இடத்தில் இருக்கும்.

ஹாம்கள் அதிகம் கட்டுவது டைபோல் ஆண்டெனா. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒன்று கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அந்த அலையின் நீளம் சுமார் 42 மீட்டர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 20 மீட்டர் செம்புக் கம்பியை எடுத்து நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இழுத்துக் கட்டினால் டைபோல் தயார். வெட்டிய இடத்தில்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ஒரு கரத்துக்குள் எவ்வளவு மின்னோட்டம் நுழைகிறதோ, அதே நொடியில் மற்றக் கரத்திலிருந்து அவ்வளவும் வெளியே வர வேண்டும். இரண்டு கரங்களும் சரிசமம். எதுவும் எர்த்தோடு சேர்ந்ததில்லை. சமநிலை ஆண்டெனா என்பது இதைத்தான்.

கோஆக்ஸ் கேபிளின் அமைப்பு அப்படியில்லை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி வெள்ளை பாலித்தீன், அதன்மேல் செம்புப் பின்னல், வெளியே கறுப்பு உறை. பின்னலைத்தான் ஷீல்டு என்கிறோம். கீழ்முனையில் அது ரிக்கின் உலோகப் பெட்டியோடும் எர்த்தோடும் இணைந்திருக்கும். ஆக, இரண்டு கடத்திகளில் ஒன்று எர்த் ஆகிவிட்டது, மற்றது அதற்குள் ஒளிந்திருக்கிறது. இந்தக் கேபிளின் நடுக் கம்பியை ஒரு கரத்திலும் ஷீல்டை மற்றக் கரத்திலும் பற்றவைத்தால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். இரண்டு முனைகளுக்கு இரண்டு கடத்திகள், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் வானொலி அதிர்வெண்ணில் அந்தக் கேபிளில் மூன்று கடத்திகள் இருக்கின்றன.

உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் முழுத் தடிமனிலும் ஓடுவதில்லை, மேற்பரப்பை ஒட்டியே ஓடும். 7 மெகாஹெர்ட்ஸில் செம்புக்குள் அது இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான். அதனால் ஷீல்டின் உட்பரப்பில் ஓடும் மின்னோட்டத்துக்கும் வெளிப்பரப்பில் ஓடுவதற்கும் தொடர்பே இருப்பதில்லை. ஒரே பின்னல்தான் என்றாலும் அது இரண்டு தனிக் கடத்திகளாக நடந்துகொள்கிறது. கேபிளுக்குள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கும்: நடுக் கம்பியில் போகும் அளவுக்கே ஷீல்டின் உட்பரப்பில் எதிர்த்திசையில் ஓடும். இரண்டின் காந்தப்புலங்களும் வெளியே ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் கேபிளுக்கு வெளியே எதுவும் தெரியாது.

சிக்கல் மேல்முனையில் தொடங்குகிறது. நடுக் கம்பியின் மின்னோட்டத்துக்கு ஒரே வழிதான், அதன் கரம். ஷீல்டின் உட்பரப்பில் ஓடுவது பின்னலின் விளிம்புக்கு வந்ததும் அதன் முன்னே இரண்டு வழிகள் திறக்கின்றன. ஒன்று ஆண்டெனாவின் மற்றக் கரம். இன்னொன்று, விளிம்பைச் சுற்றி மடங்கி, ஷீல்டின் வெளிப்பரப்பு வழியாகவே கீழே வீட்டுக்குள் திரும்பும் பாதை. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் தடை குறைவோ அந்தப் பக்கம் தண்ணீர் கூடுதலாகப் பாய்வதைப் போல, இங்கே மின்மறுப்பு குறைந்த பக்கம் மின்னோட்டம் கூடுதலாகப் போகும்.

எவ்வளவு போகும் என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். 100 வாட் சக்தி 50 ஓம் ஆண்டெனாவுக்குப் போனால் மின்னோட்டம் சுமார் 1.4 ஆம்பியர். கரத்துக்கு 25 ஓம் என்று தோராயமாகப் பிரித்துக்கொள்வோம். ஷீல்டின் வெளிப்பரப்பு காட்டும் மின்மறுப்பு 50 ஓம் என்று வைத்தால், மின்னோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய அரை ஆம்பியர், கேபிளின் வெளிப்புறமாக இறங்கிவிடும். கேபிளும் ஆண்டெனாவின் ஒரு துண்டாகிவிட்டது. அது வீட்டுக்குள் வந்து, ரிக்கின் பெட்டி, மைக்கின் வயர், கணினியின் யு.எஸ்.பி. கேபிள் என்று கிடைத்ததிலெல்லாம் பரவும். உதட்டில் குத்துவது அதுதான்.

அந்த 50 ஓம் எங்கிருந்து வந்தது? கேபிளின் நீளத்திலிருந்து. கீழே எர்த் செய்யப்பட்ட கேபிளின் வெளிப்பரப்பு, எர்த் வரை 21 மீட்டர் இருந்தால் அது அரை அலைநீளம். கீழ்முனையின் குறைந்த மின்மறுப்பு அப்படியே மேல்முனையிலும் தெரியும், மின்னோட்டம் தாராளமாக இறங்கும். அதுவே பத்தரை மீட்டர், அதாவது கால் அலைநீளம் என்றால் மேல்முனையில் மின்மறுப்பு மிக அதிகம், இறங்குவது சொற்பம். "நான் எந்தப் பேலனும் போடவில்லை, எனக்கு ஒரு தொல்லையும் இல்லையே" என்று ஒருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். அவருடைய கேபிள் நல்ல நீளத்தில் அமைந்துவிட்டது. அறையை மாற்றி, கேபிளை நீட்டினால் அவருக்கும் தொல்லை தொடங்கலாம்.

பேசும்போது மட்டுமல்ல, கேட்கும்போதும் இதே பாதை திறந்தே இருக்கிறது. எனக்குக் கேட்பதில் வரும் இழப்புதான் பெரிதாகப் படுகிறது. எல்.ஈ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் வீட்டுக்குள் உமிழும் இரைச்சலை ஷீல்டின் வெளிப்பரப்பு பிடிக்கிறது. மேலே போய், விளிம்பைச் சுற்றி உள்ளே நுழைந்து, ரிசீவருக்கு வந்து சேர்கிறது. தொலைதூரத்து மெல்லிய குரல் ஒன்று இரைச்சலில் மூழ்கிப்போனால், ஆண்டெனா உயரத்தில் இருந்தும் பயனில்லை.

பேலனின் வேலை இந்த மூன்றாவது பாதையை அடைப்பது. மிக எளிய வடிவத்தில் அது கேபிளின் வெளிப்பரப்பில் போடும் ஒரு சோக். ஆண்டெனாவோடு சேரும் இடத்திலேயே, கேபிளை ஒரு ஃபெரைட் வளையத்தின் வழியாகப் பத்துப் பன்னிரண்டு முறை நுழைத்துச் சுற்றுகிறோம். உள்ளே ஓடும் மின்னோட்டங்களின் காந்தப்புலம் வெளியே வருவதில்லை என்பதால் ஃபெரைட் அவற்றைத் தொடுவதே இல்லை. சமிக்ஞை தடையின்றிப் போகிறது. வெளிப்பரப்பில் ஓட நினைக்கும் மின்னோட்டம் மட்டுமே ஃபெரைட்டைச் சந்திக்கிறது, அதற்கு முன்னே சில ஆயிரம் ஓம் தடை எழுகிறது.

முன்னே போட்ட கணக்கில் 3,000 ஓம் சோக்கைச் சேர்த்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு இறங்கியது இப்போது நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகிவிடும், சுமார் 12 மில்லி ஆம்பியர். அதனால் சோக்கில் வெப்பமாகும் சக்தி அரை வாட்டைக்கூடத் தொடாது. விளிம்புக்கு வந்த மின்னோட்டம் வேறு வழியில்லாமல் ஆண்டெனாவின் கரத்துக்கே போகிறது. இரண்டு கரங்களும் சமமாகின்றன. சுவிட்சர்லாந்தின் பிரவுன் போவரி நிறுவனத்தில் பணியாற்றிய குஸ்டாவ் குவானெல்லா 1944-ல் வெளியிட்ட கட்டுரையின் கருத்தும் இதுவே: இரண்டு கடத்திகளையும் சேர்த்துச் சுருளாக்கினால் எதிரெதிர் மின்னோட்டம் தடையின்றிப் போகும், ஒரே திசையில் ஓடுவது தடைபடும்.

ஃபெரைட் எதற்கு, கேபிளையே வட்டமாகச் சுருட்டிக் கட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஆறு சுற்று சுற்றினால் 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 500 ஓம் கிடைக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 500 ஓம் தூய தூண்டல் மறுப்பு. ஷீல்டின் வெளிப்பரப்பு சில நீளங்களில் மின்தேக்கி போல நடந்துகொள்ளும், அதன் மறுப்பு எதிர்க்குறி உடையது. இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவில் சந்தித்தால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். சோக் போட்ட பிறகு மின்னோட்டம் முன்பைவிடக் கூடுவதும் இப்படி நேர்வதுதான். ஃபெரைட்டில் 31, 43 என்று எண்ணிட்டு விற்கும் கலவைகள் இந்த அதிர்வெண்ணில் பெருமளவு மின்தடையாகவே நடந்துகொள்ளும். மின்தடையை எந்தக் கேபிள் நீளமும் ரத்து செய்ய முடியாது. அதனால்தான் காற்றுச் சுருளை நான் பரிந்துரைப்பதில்லை.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு நுணுக்கங்கள். 61 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள வளையம் ஒன்றும், ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்.ஜி. 58 கேபிளும் 100 வாட்டுக்குப் போதும். துளைக்குள் கேபிள் எத்தனை முறை போகிறதோ அத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். கேபிளை இறுக்கி மடிக்கக் கூடாது, குறிப்பாக நுரை பாலித்தீன் கேபிளை. இறுக்கினால் நாளடைவில் நடுக் கம்பி ஒரு பக்கமாக நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேலன் என்ற பெயரில் விற்பவற்றில் சில, இரண்டு கரங்களுக்கும் சம மின்னழுத்தம் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒரு கரம் மரத்துக்கு அருகிலும் மற்றது திறந்த வெளியிலும் இருந்தால் இரண்டின் மின்மறுப்பும் ஒன்றாக இருக்காது. சம மின்னழுத்தம் கொடுத்தாலும் மின்னோட்டம் சமமாகாது, மிச்சம் ஷீல்டில் இறங்கும். நமக்குத் தேவை மின்னோட்டத்தைச் சமமாக்கும் வகை. கேட்டு வாங்க வேண்டும்.

போட்டது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேபிளைக் கையால் பிடித்தாலும் இடம் மாற்றினாலும் எஸ்.டபிள்யூ.ஆர். அளவு அசையக் கூடாது. இன்னும் தெளிவாகப் பார்க்க, இரண்டாகத் திறந்து மூடும் ஃபெரைட் ஒன்றில் பத்துச் சுற்று மெல்லிய வயர் சுற்றி, ஒரு டயோடு வழியாகச் சிறிய மீட்டரோடு இணைத்துக்கொள்ளலாம். அதைக் கேபிள்மேல் மாட்டி, குறைந்த சக்தியில் ஒலிபரப்பி, ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பார்க்க வேண்டும். அலை ஏறி இறங்குவதால் ஓரிடத்தில் முள் அசையாமலும் இன்னோரிடத்தில் நன்றாக எழும்பியும் இருக்கலாம். ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது.

சோக் நன்றாக இருந்தும் முள் எழும்புவதுண்டு. ஆண்டெனாவின் ஒரு கரத்துக்குக் கீழே அதற்கு இணையாகவே கேபிளை இழுத்துக்கொண்டு போயிருந்தால், அந்தக் கரத்தின் புலம் கேபிளின் வெளிப்பரப்பில் நேரடியாக மின்னோட்டத்தைத் தூண்டும். மேல்முனையில் போட்ட அடைப்பு அதைத் தடுக்காது, ஏனென்றால் அது நுழையும் இடமே வேறு. நடுவிலிருந்து கேபிளைக் கரங்களுக்குச் செங்குத்தாக, முடிந்த தூரம் நேரே கீழே இறக்க வேண்டும். பிறகும் மிச்சமிருந்தால், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது சோக் ஒன்றைப் போட்டுவிட்டு மறுபடியும் மீட்டரோடு நடந்து பார்க்க வேண்டும்.