நான்கு பேர், மூன்று கடிகாரங்கள்

தொலைதூரக் கல்வியில் எம்.பி.ஏ. படிக்கும் நால்வர் ஒரே குழுவில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சென்னையில் செவிலியர், இன்னொருவர் கோவையில் வங்கி ஊழியர். மற்ற இருவருக்கும் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை.

முதல் வாரமே இவர்கள் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது. முதலில் நேரம். ஞாயிறு இந்தியாவில் இரவு 7 மணி என்றால் துபாயில் மாலை 5.30, சிங்கப்பூரில் இரவு 9.30. அந்தச் சந்திப்பு முடிவெடுக்க மட்டும். எழுதுவதெல்லாம் பகிர்ந்த கோப்பில், அவரவருக்குத் தோதான வேளையில்.

இத்தகைய குழுக்களைக் குலைப்பது சோம்பலைவிட மௌனம்தான். "சீக்கிரம் அனுப்புகிறேன்" என்றால் செவிலியருக்கு அது மறுநாள், வங்கிக்காரருக்கு அரைமணி நேரம். ஆகவே ஒப்பந்தத்தில் எண் இருக்க வேண்டும்: வாட்ஸ்அப் செய்திக்கு 24 மணி நேரத்துக்குள் பதில், வேலை தாமதமாகும் என்றால் கெடுவுக்கு 48 மணி நேரம் முன்பே தகவல்.

செவிலியரின் பணி அட்டவணை மாறுகிறது. செவ்வாய்க்கிழமை தரவேண்டிய பகுதி முடியாது என்று ஞாயிறே சொல்லிவிடுகிறார். மாற்று ஆளாக ஒப்பந்தத்தில் பெயர் இருக்கும் வங்கி ஊழியர் அதை முடிக்கிறார். அடுத்த அறிக்கையில் அவருடைய பங்கைச் செவிலியர் எழுதுகிறார்.