தண்ணீரில் தெரிந்த கிருமி

பிசிஆர் கருவியில் 40 சுற்று ஓடி முடிந்த குழாயில் இருப்பது 50 மைக்ரோலிட்டர் திரவம்தான். ஒரு பெரிய மழைத்துளி அளவு. ஆனால் அதற்குள், தேடிய மரபுத்துண்டின் நகல்கள் ஒரு லட்சம் கோடி வரை இருக்கலாம். இந்த நகலைத்தான் ஆம்ப்ளிகான் என்கிறார்கள்.

மூடியைத் திறக்கும்போது 12 மைக்ரான் குறுக்களவுள்ள திவலை ஒன்று தெறித்தது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாது. கணக்குப் போட்டால் அதில் சுமார் 20,000 நகல்கள். நல்ல சோதனை ஒன்றுக்கு 'பாசிட்டிவ்' காட்டச் சில பத்து நகல்களே போதும். அந்தத் திவலை நாளைய நோயாளியின் குழாயில் விழுந்தால், நோயில்லாதவருக்கு நோய் என்று முடிவு வரும். விழுந்தது கிருமியா, நேற்றைய நகலா என்று கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது.

அதனால்தான் ஆய்வகத்தை அறை அறையாகப் பிரிக்கிறார்கள். முதல் அறையில் ரசாயனக் கலவை, அடுத்ததில் மாதிரியிலிருந்து மரபுப்பொருளைப் பிரித்தெடுத்துக் கலவையில் சேர்ப்பது, பிறகு கருவி, கடைசியில் குழாயைத் திறந்து பார்க்கும் அறை. முதல் அறையில் காற்றழுத்தம் கூடுதல், கடைசி அறையில் குறைவு. நகல் கலந்த காற்று பின்னோக்கி வராது. பிப்பெட், கோட், பேனா எல்லாம் அறைக்கு அறை தனித்தனி. சுவரைத் தாண்டி நகலைக் கொண்டுவருவது பெரும்பாலும் மனிதர்தான். கடைசி அறைக்குள் போனவர், மறந்துவைத்த நோட்டை எடுக்கக்கூட அன்று முதல் அறைக்குத் திரும்பக் கூடாது. மேசையை ஆல்கஹால் கொண்டு துடைத்தால் மட்டும் போதாது, அது டிஎன்ஏவை அழிக்காது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். குழாயைத் திறக்காமலே முடிவு சொல்லும் ரியல்-டைம் கருவிகளில் இந்த ஆபத்து வெகுவாகக் குறைவு.

இவ்வளவுக்குப் பிறகும் கலப்பு நேர்ந்ததா என்று சொல்வது நெகட்டிவ் கண்ட்ரோல். இரண்டு வகை வைப்பது நல்லது. ஒன்றில் வெறும் தண்ணீரை நோயாளி மாதிரியைப் போலவே பிரித்தெடுக்கும் அறையிலிருந்து நடத்திவருவார்கள். மற்றதில் தண்ணீரை நேரே கலவையில் சேர்ப்பார்கள். முதல் வகை மட்டும் பாசிட்டிவ் காட்டினால், கறை பிரித்தெடுக்கும் கட்டத்தில் என்று சந்தேகிக்கலாம். இரண்டும் காட்டினால் கலவையைப் பார்க்க வேண்டும். எப்போதோ ஒரு குழாயில் மட்டும் விழும் திவலையை ஒற்றைக் கண்ட்ரோல் தவறவிட்டுவிடும். ஆகவே மாதிரிகளுக்கு நடுவே சிலவற்றைப் பரப்பி வைக்கிறார்கள். கண்ட்ரோல் பாசிட்டிவ் ஆனால் அந்தத் தொகுதியின் பாசிட்டிவ் முடிவு எதையும் வெளியிடக் கூடாது.

2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் சி.டி.சி. மாநில ஆய்வகங்களுக்கு கொரோனா சோதனைப் பெட்டிகளை அனுப்பியது. நோயாளிகளுக்குப் பயன்படுத்துமுன் சரிபார்த்த ஆய்வகங்கள் பலவற்றில் தண்ணீர்க் குழாயே பாசிட்டிவ் காட்டியது. பின்னர் சி.டி.சி. ஆராய்ந்தபோது, N1 என்ற பகுதிக்கான ரசாயனத்தில் செயற்கையாகத் தயாரித்த வைரஸ் மரபுத்துண்டு கலந்திருந்தது தெரிந்தது. அது ஆம்ப்ளிகான் அல்ல; ஆனாலும் அதைக் காட்டிக்கொடுத்தது அதே தண்ணீர்க் குழாய்தான்.